புதுப்பிப்பு: திரும்பி வந்த அறிக்கை

முன்பு கேட்டது: "பக் பவுண்டி திட்டத்தில் ஒரு தளத்தின் பிழையை அறிக்கையாக அனுப்பினேன். பில் எண்ணை மாற்றினால் வேறொருவர் பில் வருகிறது. அறிக்கையை ஏன் திருப்பிவிட்டார்கள்?"

ஸ்கோப்பை, அதாவது எதை எப்படிச் சோதிக்கலாம் என்ற விதிகளை, நான் மீறியிருப்பேன் என்றவர் பாதிதான் சரி. நான் சோதித்த சப்டொமைன் அனுமதிப் பட்டியலில் இருந்தது. தானியங்கி ஸ்கேனர்களை ஓட்டக் கூடாது என்ற விதியைத்தான் நான் படிக்கவில்லை. நல்லவேளை, எதையும் ஓட்டவில்லை.

குக்கீயைக் கவனிக்கச் சொன்ன அனுபவசாலிக்கு நன்றி. என்னுடைய இரண்டு கணக்குகளைத் தனித்தனி பிரௌசர் புரொஃபைல்களில் திறந்தேன். முதல் கணக்கின் குக்கீயோடு, இரண்டாவதன் பில்லைக் கேட்டேன்:

```
GET /api/invoices/1042
```

200 வந்தது, இரண்டாம் கணக்கின் முகவரியோடு. குக்கீயை எடுத்தால், உள்நுழையச் சொல்லும் 401. யாராக உள்நுழைந்து கேட்டேன் என்பதையே பழைய அறிக்கையில் எழுதவில்லை! கோரிக்கையையும் பதிலையும் அப்படியே ஒட்டி அனுப்பினேன், ஏற்றார்கள். பிழையின் தீவிர அளவில் இன்னும் இழுபறி.