விக்கி படத்துக்கு எப்படி கிரெடிட் போடுவது? வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும், உதவி தேவை

யீஷூன்_மலர் (செவ்வாய், இரவு 10:42)
வணக்கம். என் ஆய்வேட்டில் ஒரு படத்துக்குக் கீழே "நன்றி: விக்கிப்பீடியா" என்று போட்டிருந்தேன். சூப்பர்வைசர் அதை வட்டமிட்டு "இது போதாது, உரிமம் என்ன?" என்று எழுதித் திருப்பிவிட்டார். ஓப்பன் லைசன்ஸ் படம்தான், இலவசம்தான். வேறு என்ன எழுத வேண்டும்? அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகத்துப்பக்கம் (10:55)
எந்தப் படம்? கோப்புப் பக்கத்தில் உரிமம் என்று என்ன போட்டிருக்கிறது, எத்தனையாவது பதிப்பு? படத்தை அப்படியே வைத்தீர்களா, ஏதாவது மாற்றினீர்களா? இந்த மூன்றும் தெரியாமல் யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

பழையகை (11:03)
இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாயிற்று. கேட்கும் முன் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். மாணவர் ஆய்வுக்கு எந்த உரிமமும் பார்க்க வேண்டாம். சிங்கப்பூர்ச் சட்டத்திலேயே நியாயப் பயன்பாடு இருக்கிறது. மூலத்தைச் சொன்னால் போதும், முடிந்தது கதை.

கிளமெண்டி_கதிர் (11:10)
அக்கா, உரிமத்தில் SA என்று இருந்தால் ஜாக்கிரதை. அந்தப் படத்தைச் சேர்த்தால் முழு ஆய்வேட்டையும் அதே உரிமத்தில் வெளியிட்டாக வேண்டும். என் நண்பன் இதற்குப் பயந்தே எல்லாப் படத்தையும் தூக்கிவிட்டான்.

டியூஷன்_டீச்சர் (11:21)
நானும் இதையே கேட்க நினைத்தேன். டியூஷன் பயிற்சித்தாளில் NC, அதாவது வணிகத்துக்குக் கூடாது என்று போட்ட படம் வைக்கலாமா? பிள்ளைகளுக்குத்தானே.

யீஷூன்_மலர் (11:34)
மன்னிக்கவும், விவரம் இதோ. ழகரத்தைப் பிள்ளைகள் எப்படி ஒலிக்கிறார்கள் என்பது என் தலைப்பு. வாய், நாக்கு, அண்ணம் எல்லாம் காட்டும் பக்கவாட்டுப் படம், விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தது. ஆங்கில லேபிள்களை நீக்கித் தமிழில் போட்டேன். மூக்கறைப் பகுதியை வெட்டிவிட்டேன். பக்கத்தில் CC BY-SA 3.0, GFDL என்று இரண்டு இருக்கிறது. Author என்ற இடத்தில் ஒரு பயனர்பெயர், Source என்ற இடத்தில் இன்னொரு கோப்புக்கு இணைப்பு.

நூலகத்துப்பக்கம் (புதன், காலை 7:15)
இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது, மலர். அந்த Source வரிதான் முக்கியம். நீங்கள் எடுத்த படமே இன்னொருவர் படத்தைத் திருத்தி வந்தது. இணைப்பைச் சொடுக்கி முதல் கோப்புக்குப் போங்கள், அங்கே வரைந்தவர் பெயர் வேறாக இருக்கும். இரண்டு பேரையும் சொல்ல வேண்டும். பயனர்பெயர் மட்டும் இருந்தால் அதுவே போதும், உண்மைப் பெயரைத் தேடி அலைய வேண்டாம். "விக்கிப்பீடியா" என்பது படத்தை வரைந்தவர் பெயர் இல்லை, அதனால்தான் உங்கள் சூப்பர்வைசர் வட்டமிட்டார். கட்டுரையின் எழுத்துக்கு அந்தப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். படத்துக்கு அது செல்லாது, ஒவ்வொரு கோப்புக்கும் தனி உரிமம்.

இரண்டு உரிமம் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். GFDL என்றால் உரிமத்தின் முழு வாசகத்தையும் கூடவே வைக்க வேண்டியிருக்கும், அதனால் CC-யே எளிது. அப்புறம் 3.0 பதிப்பில் கோப்புக்குத் தலைப்பு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 4.0-இல் தலைப்புக் கட்டாயம் இல்லை. பதிப்பு எண்ணை நான் கேட்டது இதற்காகத்தான். நீங்கள் மாற்றியதையும் எழுத வேண்டும். படத்துக்குக் கீழே இப்படிப் போடுங்கள்:

```
படம் 2.3: பேச்சுறுப்புகள், பக்கவாட்டுத் தோற்றம்.
"[கோப்பின் தலைப்பு]", [திருத்தியவர்];
மூலப்படம்: [முதலில் வரைந்தவர்].
விக்கிமீடியா காமன்ஸ், [கோப்புப் பக்க முகவரி].
உரிமம்: CC BY-SA 3.0
https://creativecommons.org/licenses/by-sa/3.0/
மாற்றம்: லேபிள்கள் தமிழாக்கப்பட்டன,
மூக்கறைப் பகுதி நீக்கப்பட்டது.
இத்தழுவலும் CC BY-SA 3.0 உரிமத்தில்.
```

கிளமெண்டி_கதிர் (7:48)
கடைசி வரியைப் பாருங்கள், நான் சொன்னதுதானே?

நூலகத்துப்பக்கம் (8:02)
பாதி சரி, தம்பி. அந்தக் கடமை தழுவலுக்கு மட்டும். லேபிள் மாற்றி வெட்டிய அந்தப் படம்தான் தழுவல், அதை BY-SA-வில் விட வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் அத்தியாயங்கள் மலருடைய சொந்த எழுத்து. தனித்தனிப் படைப்புகளை ஒன்றாகத் தொகுத்து வைப்பதால் எல்லாவற்றுக்கும் அந்த உரிமம் பரவாது. உங்கள் நண்பர் தேவையில்லாமல் படங்களை இழந்திருக்கிறார்.

பழையகை (8:30)
இவ்வளவு பெரிய குறிப்பு ஒரு மாணவிக்குத் தேவையா? சட்டத்தைப் படியுங்கள். நியாயப் பயன்பாடு என்றால் உரிமமே வேண்டாம், நிபந்தனையும் வேண்டாம்.

நூலகத்துப்பக்கம் (8:51)
படித்திருக்கிறேன், அண்ணே. 2021 பதிப்புரிமைச் சட்டம், அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. நியாயப் பயன்பாடு உண்டு, உரிமமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அது நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு என்று எடைபோட்டுப் பார்க்கும் வாதம். முழுப் படத்தையும் எடுத்து, ஆய்வேட்டைப் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் உலகத்துக்கே திறந்து வைக்கும்போது அந்த வாதத்தை ஏன் நம்பியிருக்க வேண்டும்? மூன்று வரி எழுதினால் உரிமம் நேராகவே அனுமதி தருகிறது. மேலும், படைப்பாளர் தன் பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமையை இங்கே கொண்டுவந்ததும் அதே சட்டம்தான்.

பழையகை (9:05)
எந்த மாணவர் மீது வழக்குப் போட்டார்கள், ஒன்றைக் காட்டுங்கள்.

கிளமெண்டி_கதிர் (9:12)
வழக்கு வராது, சரி. ஆனா ஆய்வேடு திரும்பி வருதே லா. மலர் அக்காவுக்கு வந்ததே அதுதான். அப்படியே ஏதாவது விட்டுப்போனாலும் 30 நாள் அவகாசம் இருக்கு, திருத்திக்கலாம்.

நூலகத்துப்பக்கம் (9:20)
அந்த 30 நாள் 4.0-இல் மட்டும். பிழை தெரியவந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகவே திரும்பக் கிடைக்கும். 3.0-இல் அந்த ஏற்பாடு இல்லை, நிபந்தனை மீறிய உடனே உரிமம் முடிந்துவிடும். மலர் எடுத்தது 3.0. அதனால் களஞ்சியத்தில் ஏற்றும் முன்பே சரியாக இருக்கட்டும். கோப்புப் பக்கத்தை இன்றைய தேதியோடு PDF ஆகச் சேமித்தும் வையுங்கள். நாளை அந்தப் பக்கத்தையே யாராவது நீக்கினாலும் என்ன உரிமத்தில் எடுத்தீர்கள் என்று காட்டலாம்.

டியூஷன்_டீச்சர் (9:41)
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

நூலகத்துப்பக்கம் (9:58)
டீச்சர், NC-இல் பார்ப்பது யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை இல்லை, எதற்குப் பயன்படுகிறது என்பதைத்தான். கட்டணம் வாங்கும் வகுப்புக்கான பயிற்சித்தாள் என்றால் பணம் ஈட்டும் நோக்கம் என்று சொல்ல இடம் இருக்கிறது. நானாக இருந்தால் BY அல்லது BY-SA படம் தேடுவேன், இல்லையென்றால் எடுத்தவருக்கே எழுதிக் கேட்பேன்.

டியூஷன்_டீச்சர் (10:10)
வகுப்புக்குத்தான் கட்டணம், பயிற்சித்தாள் இலவசம். அப்போதுமா?

யீஷூன்_மலர் (வியாழன், இரவு 9:26)
எல்லாருக்கும் நன்றி. முதல் கோப்பில் வேறு ஒருவர் பெயர் இருந்தது, இரண்டையும் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் சரி சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் நிற்கிறது. எங்கள் வார்ப்புருவின் முன்பக்கத்தில் "அனைத்து உரிமைகளும் ஆசிரியருக்கே" என்ற வரியை மாற்றவே முடியாதபடி வைத்திருக்கிறார்கள். படம் 2.3 BY-SA என்றால் அந்த வரி பொய்யாகிவிடுமே?

நூலகத்துப்பக்கம் (9:50)
"தனியே உரிமம் குறிப்பிட்டவை நீங்கலாக" என்று சேர்க்க முடியுமா என்று உங்கள் நூலகத்துக்கு இன்றே எழுதுங்கள். வார்ப்புருவில் முடியாது என்றால் படப் பட்டியலுக்குக் கீழே அதே வாசகத்தைப் போட முடியும். அவர்கள் அதை ஏற்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது.

யீஷூன்_மலர் (வெள்ளி, மாலை 4:47)
படப் பட்டியலுக்குக் கீழே போட்டு சப்மிட் பண்ணிவிட்டேன். நூலகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை.