துபாய் ஹோட்டல் வெயிட்டர் இண்டர்வியூ: தாடி, முந்திரிக் கேள்வி, ஸ்பிளிட் ஷிப்ட்

உறையூர்க்காரன்:
விசிட் விசாவில் வந்து கராமாவில் பெட் ஸ்பேஸில் இருக்கிறேன். திருச்சியில் சர்வீஸ் பார்த்த அனுபவம் உண்டு. வியாழக்கிழமை பாம் ஜுமைராவில் ஒரு பெரிய ஹோட்டலில் வெயிட்டர் இண்டர்வியூ. தாடியை எடுக்க வேண்டுமா? என்ன மாதிரிக் கேள்வி வரும்? "ஸ்பிளிட் ஷிப்ட் ஓகேவா" என்று போனிலேயே கேட்டார்கள், சரி என்று சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பஃபே அண்ணன்:
தம்பி, நான் இங்கே ரெஸ்டாரண்ட் சூப்பர்வைசர், இண்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்கார்ந்து சொல்கிறேன். தாடி ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். ஒழுங்காக டிரிம் செய்த முழுத்தாடியை இப்போது பல இடங்களில் விடுகிறார்கள், ஆனால் மூன்று நாள் முள்தாடியை யாருக்கும் பிடிக்காது. அங்கே என்ன வழக்கம் என்று தெரியாதபோது வழித்துவிட்டுப் போ, சேர்ந்த பிறகு கேட்டு வளர்த்துக்கொள்ளலாம். முடி காலரைத் தொடக்கூடாது, கறுப்பு ஷூவுக்குக் கறுப்பு சாக்ஸ். நீ பைலை நீட்டும்போது முதலில் நகத்தைத்தான் பார்ப்போம்.

நம் ஆட்களிடம் நான் கவனிக்கிற ஒன்று, மணிக்கட்டில் கோயில் கயிறு. தட்டு தூக்குகிற கையில் கயிறு நனைந்து அழுக்குப் பிடிக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு, சாமி மேல் யாருக்கும் கோபமில்லை. கழற்ற மனமில்லை என்றால் சட்டைக்கு உள்ளே புஜத்தில் கட்டிக்கொள்.

அப்புறம் வாசனை. பெட் ஸ்பேஸில் சட்டையை எங்கே மாட்டுகிறாய் என்று பார். பக்கத்துக் கட்டில்காரர் ராத்திரி மீன் பொரித்தால் அந்த வாசனை காலையில் உன்னோடு எச்.ஆர். அறைக்குள் வரும். அதை மறைக்க அத்தரைக் கொட்டிக்கொண்டு வருகிறவன் இன்னும் மோசம். இஸ்திரி போட்ட சட்டையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வை. பெரிய லாபி வழியாகப் போகாதே, பின்பக்கம் ஊழியர் வாசலில் செக்யூரிட்டியிடம் பதிவு செய்துதான் உள்ளே விடுவார்கள். அதற்கே நேரம் பிடிக்கும், வியர்வை அடங்கவும் நேரம் வேண்டும், முன்னதாகவே போய்விடு.

மாடிப்படி அக்கா:
நான் ஹவுஸ்கீப்பிங். முதல் ஹோட்டலில் என் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள், இப்போது இருக்கும் இடத்தில் சின்னக் கல் என்றால் ஒன்றும் சொல்வதில்லை. கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்று பயந்து தோல் நிற பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இண்டர்வியூ போன பெண்களையும் தெரியும். தம்பிக்கு இது பயன்படாது, படிக்கிற தங்கச்சிகளுக்காகச் சொல்கிறேன்.

உறையூர்க்காரன்:
அண்ணா, கேள்விகள்?

பஃபே அண்ணன்:
நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்று. பஃபேயில் ஒரு அம்மா வந்து, "என் பையனுக்கு முந்திரி ஆகாது, இந்தக் குருமாவில் முந்திரி இருக்கிறதா" என்கிறார். என்ன செய்வாய்?

நம் பையன்கள் முக்கால்வாசிப் பேர், கெஸ்ட்டைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற நினைப்பில், "நோ மேடம், நோ ப்ராப்ளம்" என்று விடுகிறார்கள். அங்கேயே முடிந்தது. "எனக்கு உறுதியாகத் தெரியாது, செஃபிடம் கேட்டு வருகிறேன், அதுவரை பையனுக்குக் கொடுக்க வேண்டாம்" என்பதுதான் தொடக்கம். பிறகு செஃபை அழைத்து வந்து அந்த அம்மாவிடம் நேரடியாகப் பேச வைக்க வேண்டும். குருமாவில் முந்திரி அரைத்திருப்பார்கள், பார்த்தால் தெரியாது. அதோடு முடியவில்லை. பக்கத்துப் பாத்திரத்துக் கரண்டியை யாராவது மாற்றிப் போட்டிருந்தால் முந்திரி இல்லாத பருப்பிலும் முந்திரி ஒட்டியிருக்கும். அதனால் "பையனுக்குத் தனியாக, புதிதாகச் செய்து தரச் சொல்லட்டுமா" என்று கேட்கிறவனுக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். ஆர்டரில் எழுது, அந்த டேபிளை அடுத்துப் பார்க்கப்போகிறவனிடமும் சொல்.

சரியாகச் சொன்னால் மடக்குவோம்: "செஃப் பிஸி, கத்துகிறார், இப்போது?" சூப்பர்வைசரிடம் போ. கத்துகிறார் என்பதற்காக நீயாக ஊகிக்காதே. "பையன் ஏற்கெனவே சாப்பிட்டு உதடு வீங்குகிறது" என்றால் அந்த இடத்தை விட்டு நகராமல் மேனேஜரைக் கூப்பிடு, ஆம்புலன்ஸ் எண் 998, கையில் இருக்கிற மாத்திரை எதையும் நீ கொடுக்காதே. ஆங்கிலம் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை, இந்த வரிசை இருந்தால் போதும்.

கிச்சன் கிங்:
குருமாவுக்கு முந்திரி மட்டுமில்லை, கசகசாவும் போடுவோம், ஆனால் இந்த ஊருக்குக் கசகசா கொண்டுவரவே கூடாது, ஜாக்கிரதை. நானும் வேலை தேடுகிறேன், தந்தூர் தெரியும், யாருக்காவது ஆள் வேண்டுமா?

பஃபே அண்ணன்:
கசகசா விஷயம் உண்மை, ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வைக்காதீர்கள். தந்தூருக்குத் தனியாகக் கேளுங்கள் நண்பா, இங்கே தம்பி வெயிட்டர் வேலைக்குக் கேட்கிறார்.

சட்டப்புள்ளி:
ஸ்பிளிட் ஷிப்டே சட்டப்படி செல்லாது. ஒரு மணி நேரம்தான் இடைவேளை விடலாம், அதற்கு மேல் விட்டால் அந்த நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும். தைரியமாகக் கேள்.

பஃபே அண்ணன்:
பாதி சரி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடைவேளை குறைந்தது ஒரு மணி நேரம் என்றுதான் சட்டம். அதற்கு மேல் விடக்கூடாது என்று இல்லை. அந்த இடைவேளை வேலை நேரக் கணக்கில் வராது, அறைக்குப் போய் வருகிற பஸ் நேரமும் பொதுவாக வராது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 என்பது வரம்பு. ஸ்பிளிட் அதற்குள்தான் ஓடுகிறது, வலியும் அதில்தான்.

ஒரு நாளைப் போட்டுக் காட்டுகிறேன். காலை 6 முதல் 10:30 வரை பிரேக்ஃபாஸ்ட், மாலை 6:30 முதல் 10 வரை டின்னர். தாளில் எட்டே மணி நேரம். அறை அல் கூஸில், ஹோட்டல் பாமில் என்று வை. 5 மணி பஸ்ஸுக்கு 4:15க்கு எழ வேண்டும். 11 மணி பஸ்ஸில் திரும்பினால் குளித்துப் படுக்கப் பன்னிரண்டு, மறுபடி 5:30 பஸ். ராத்திரி 10க்குக் கடைசி டேபிள் எழுந்திருக்காது, துடைத்து அடுக்கி 10:45, பஸ் 11:15, படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாளும் காலை ஷிப்ட் போட்டிருந்தால் தூக்கம் நான்கு மணி நேரம்கூட வராது. இதே வேலை, அறை நடக்கிற தூரத்தில் இருந்தால் மதியம் நன்றாகத் தூங்கி எழலாம்.

அதனால் "ஓகேவா" என்று கேட்டால் சரி என்று சொல்லிவிட்டு, வாரத்தில் எத்தனை நாள் ஸ்பிளிட், மதியத்தில் பஸ் உண்டா, இல்லையென்றால் படுக்க அறை உண்டா என்று கேள். டின்னர் முடித்தவனுக்கு மறுநாள் காலை ஷிப்ட் போடுவார்களா என்பதையும் கேட்டுவிடு.

சூரிச் மாமா:
நான் சுவிஸில் கிச்சனில் நெடுங்காலம் நின்றவன். எங்களுக்கும் மதியம் உந்த இடைவெளி இருக்கு, அதற்கு சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர். வீடு பக்கத்தில் இருந்தபடியால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர எனக்கு அது வசதி. துபாய்க் கதை வேறுதான் போல. ஆனால் தம்பி, முதல் இண்டர்வியூவிலேயே இவ்வளவு கேள்வி கேட்டால் வேலை தருவாங்களோ?

மாடிப்படி அக்கா:
மாமா சொல்வதும் நியாயம். நான் என்றால் முதலில் வேலையை வாங்கிக்கொண்டு, ஆஃபர் லெட்டர் வந்த பிறகு கேட்பேன். அதுவும் எச்.ஆரிடம் இல்லை, ஊழியர் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம்.

பஃபே அண்ணன்:
நான் ஒத்துக்கொள்ளவில்லை அக்கா, ஒன்றிரண்டு கேட்கிறவனைத்தான் எனக்குப் பிடிக்கும். மற்ற மேனேஜர்கள் எப்படியோ. தம்பி, இன்னொன்று: விசிட் விசாவில் இண்டர்வியூ போகலாம், ஆனால் "நாளைக்கு வந்து ஒரு ஷிப்ட் செய்து காட்டு" என்றால் பர்மிட் இல்லாமல் செய்யாதே. விசா செலவு என்று காசு கேட்டாலும் கொடுக்காதே, அது முதலாளி கட்ட வேண்டியது.

உறையூர்க்காரன்:
நன்றி அண்ணா. தாடியை எடுத்தாயிற்று. சர்வீஸ் சார்ஜில் பங்கு உண்டு என்று போனில் சொன்னார்கள், அதை நம்பலாமா?

பஃபே அண்ணன்:
ஆஃபர் லெட்டரில் எழுதியிருந்தால் நம்பு. வாய்ப்பேச்சு என்றால் அதைச் சேர்க்காமல், அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடு.