கலைச்சொல்: வட்டிமாற்று ஒப்பந்தத்தில் கணக்கிட்டுப் பெறும் நிலையான வட்டிக்கு என்ன பெயர்?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வட்டிமாற்று ஒப்பந்தங்களைப் பற்றி மாணவர்களுக்காக ஓர் அத்தியாயம் எழுதி வருகிறேன். ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

ஒருவர் ஆண்டுதோறும் ஒரே வட்டியைத் தருகிறார். மற்றவர் அந்தந்த ஆண்டில் சந்தையில் நிலவும் வட்டியைத் தருகிறார். அசல் கைமாறுவதில்லை. ஒப்பந்தம் போடும் நாளில் இரு பக்கங்களின் இன்றைய மதிப்பும் சமமாக வரும்படி அந்த ஒரே வட்டியைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். சந்தையில் இதைப் ‘பார் ஸ்வாப் ரேட்’ என்கிறார்கள். இதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நான்கு ஆண்டு ஒப்பந்தம். கழிவுக் காரணிகள் வரிசையாக 0.95, 0.90, 0.84, 0.78. அதாவது நான்காம் ஆண்டு முடிவில் வரும் 1 ரூபாயின் இன்றைய மதிப்பு 78 காசு. கணக்கு இது:

```
S = (1 - D4) / (D1 + D2 + D3 + D4)
  = 0.22 / 3.47
  = 6.34%
```

‘நிலையான வட்டி’ என்று எழுதினால் மாணவர் அதை வெறும் ‘மாறாத வட்டி’ என்று படிப்பார். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

இளங்கோ எழுதியது:

வீட்டுக் கடனில் ‘நிலையான வட்டி’ என்ற சொல் ஏற்கெனவே எல்லாருக்கும் பழகியதுதானே? வங்கி நிர்ணயிப்பது ஒன்று, சந்தையோடு மாறுவது மற்றொன்று. புதுச்சொல் எதற்கு? நானும் என் கடனை நிலையான வட்டிக்கு மாற்றியிருக்கிறேன். வங்கி சொன்ன வட்டி, நான் ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான்.

முருகவேல் எழுதியது:

இளங்கோ, அது வேறு. கடனில் வங்கியின் இலாபமும் நாம் கடனைத் திருப்பித் தராமல் போகும் ஆபத்தும் வட்டிக்குள் சேர்ந்திருக்கும். இங்கே கேட்பது இரு பக்கத்தையும் சமமாக்கும் வட்டி.

கயல்விழி, என் பரிந்துரை ‘சராசரி வட்டி’. வரப்போகும் ஆண்டுகளில் சந்தை வட்டி எவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்களோ, அதன் சராசரிதானே இது? உங்கள் காரணிகளிலிருந்தே ஒவ்வோர் ஆண்டின் வட்டியையும் எடுக்கலாம். முதல் ஆண்டு 5.26, இரண்டாம் ஆண்டு 5.56, மூன்றாம் ஆண்டு 7.14, நான்காம் ஆண்டு 7.69 விழுக்காடு. சராசரி 6.41. உங்கள் 6.34-க்கு மிக அருகில் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது தோராயத்தால் வந்த வேறுபாடாக இருக்கும்.

தமயந்தி எழுதியது:

முருகவேல் தம்பி, சராசரி என்பது வரை நீங்கள் சொன்னது சரி. வேறுபாடு தோராயத்தால் வந்தது என்பதை மட்டும் ஏற்க முடியாது. 6.41-க்கும் 6.34-க்கும் இடையில் ஏழு அடிப்படைப் புள்ளிகள் இருக்கின்றன. நூறு கோடி அசல் என்றால் ஆண்டுக்கு ஏழு இலட்சத்துக்கு மேல். கருவூலப் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு புள்ளிக்காகவே மறுபடி தொலைபேசியில் பேரம் பேசுவோம்.

உங்கள் நான்கு வட்டிகளையும் 100 ரூபாய் அசலுக்கு எழுதி, ஒவ்வொன்றையும் அந்த ஆண்டின் காரணியால் பெருக்கிப் பாருங்கள். 5.26-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 5. அடுத்ததும் 5. பிறகு 6, அதன் பிறகும் 6. கூட்டினால் 22. இந்த 22-ஐ 3.47-ஆல் வகுத்தால் சரியாக 6.34 வரும். ஆக இது எடையிட்ட சராசரி. கழிவுக் காரணிகளே எடைகள். குறைந்த வட்டி உள்ள முதல் ஆண்டுகளுக்கு எடை அதிகம், கூடிய வட்டி உள்ள கடைசி ஆண்டுகளுக்கு எடை குறைவு. அதனால்தான் விடை 6.41-ஐ விடக் கீழே இறங்குகிறது. வட்டி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு போகும் சந்தையாக இருந்தால் இதே பிழை மறுபக்கம் சாயும். எல்லா ஆண்டும் ஒரே வட்டியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகும்.

‘எதிர்பார்ப்பு’ என்ற சொல்லையும் விட்டுவிடச் சொல்வேன். கையில் இன்று 100 ரூபாய் இருந்தால் அதை ஓராண்டுக்கு வைப்பாகப் போடலாம். வட்டியை எடுத்துக்கொண்டு 100-ஐ மறுபடி போடலாம். நான்கு ஆண்டும் சந்தை வட்டி எதுவாக இருந்தாலும் அது அப்படியே கைக்கு வரும், கடைசியில் 100 மிஞ்சும். அந்த மிஞ்சிய 100-இன் இன்றைய மதிப்பு 78. எனவே மாறும் வட்டிப் பக்கம் முழுவதற்கும் இன்று ஆகும் செலவு 22 ரூபாய். இதில் யாரும் எதையும் ஊகிக்கவில்லை. கயல்விழியின் சூத்திரத்தில் மேலே இருக்கும் 0.22 இதுதான்.

சிவநேசன் எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் வழிவழியாக வந்த ஒரு விரிதாள் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும் நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு அது 3.12 விழுக்காடு காட்டுகிறது. காரணிகள் 0.975, 0.95, 0.925, 0.90, 0.87, 0.84, 0.81, 0.78. கூட்டினால் 7.05. அதே 0.22-ஐ வகுத்தால் 3.12 சரியாகத்தான் வருகிறது. ஆனால் கயல்விழியின் விடையில் பாதிதான் இருக்கிறது. சூத்திரம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு மட்டுந்தானா?

தமயந்தி எழுதியது:

சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும், சிவநேசன். உங்கள் விரிதாளில் காலப் பின்னம் விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு காரணியையும் அந்தத் தவணையின் நீளத்தால், இங்கே 0.5-ஆல், பெருக்கிய பிறகுதான் கூட்ட வேண்டும். 7.05 பாதியாகி 3.525 ஆகும். விடை 6.24 விழுக்காடு. இது 6.34-ஐ விடச் சற்றுக் குறைவாக வருவதும் முறைதான். வட்டியில் பாதியை ஆறு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுகிறீர்களே.

நடைமுறையில் பின்னம் எப்போதும் 0.5 ஆக இருக்காது. நாள்களை எண்ணி 365-ஆல் வகுப்பதா 360-ஆல் வகுப்பதா என்பதை ஒப்பந்தம் சொல்லும். அதைப் படிக்காமல் கணக்கில் இறங்க வேண்டாம்.

விடை சரியா என்று பார்க்க நான் செய்வது ஒன்றுதான். கிடைத்த வட்டியில் ஒரு கடன்பத்திரம் இருப்பதாக வைத்து விலை போடுவேன். 6.34-ஐ 3.47-ஆல் பெருக்கினால் 22, கடைசி அசலுக்கு 78, மொத்தம் 100. உங்கள் 3.12-ஐ இதில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 89 தான் வரும், பிழை உடனே தெரிந்துவிடும்.

அரங்கநாதன் எழுதியது:

நல்ல விளக்கம், அம்மா. இப்போது சொல்லுக்கு வருவோம். இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பதால் ‘ஈட்டு வட்டி’ என்று முன்மொழிகிறேன். குறுகியது, நாவுக்கு எளியது, கூட்டுச்சொற்களும் ஆக்கலாம்.

கயல்விழி எழுதியது:

ஐயா, ஓசை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஈட்டுக்கடன், ஈட்டுப்பத்திரம் என்று அடகுத் துறை அந்த அடையை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘ஈட்டு வட்டி’ என்றால் நகைக் கடன் வட்டி என்றே படிப்பார்கள்.

முருகவேல் எழுதியது:

தமயந்தி அம்மாவின் விளக்கத்துக்குப் பிறகு ‘சராசரி வட்டி’யைத் திரும்பப் பெறுகிறேன். ‘நியாய வட்டி’ எப்படி?

தமயந்தி எழுதியது:

நியாயம் என்றால் அறத்தின் பக்கம் போய்விடும். சமமாவது இன்றைய மதிப்பு மட்டும். நாளைக்கு ஒருவர் பெரும் இழப்பில் இருக்கலாம், அது அநியாயம் ஆகாது.

‘சமன் வட்டி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒப்பந்தத்தில் எழுதிய வட்டிக்கும் இதே பெயரை வைக்கக் கூடாது. ஓராண்டு கழிந்து, மிச்சமுள்ள மூன்று ஆண்டுகளுக்குக் காரணிகள் 0.94, 0.88, 0.82 என்று ஆகிவிட்டதாகக் கொள்வோம். அன்றைய சமன் வட்டி 0.18-ஐ 2.64-ஆல் வகுத்த 6.82 விழுக்காடு. ஒப்பந்தத்தில் இருப்பதோ இன்னும் 6.34 தான். 6.34 மட்டும் கொடுப்பவருக்கு இப்போது ஆதாயம்: மாறும் பக்கத்தின் மதிப்பு 18, அவர் தரப்போவதன் மதிப்பு 16.74. நூறு ரூபாய் அசலுக்கு 1.26 ரூபாய். இரண்டு வட்டிக்கும் ஒரே பெயர் இருந்தால் இந்த 1.26 எங்கிருந்து வந்தது என்பதை மாணவருக்குச் சொல்லவே முடியாது. எனவே ஒப்பந்தத்தில் எழுதியது ‘ஒப்பந்த வட்டி’, அன்றன்று காரணிகளிலிருந்து கணக்கிடுவது ‘சமன் வட்டி’. போடும் நாளில் மட்டும் இரண்டும் ஒன்று.

அரங்கநாதன் எழுதியது:

‘சமன்’ என்ற பெயரோடு ‘வட்டி’ சேர்வதை விட, ‘சமன்செய் வட்டி’ என்று வினைத்தொகையாக்கினால் என்ன? வட்டி சமமாக இல்லை, வட்டி சமன் செய்கிறது. பொருள் துல்லியமாகிறது.

சிவநேசன் எழுதியது:

துல்லியம்தான் ஐயா. ஆனால் விரிதாளில் பத்தித் தலைப்பாக நாள் முழுவதும் எழுத வேண்டிய சொல். எனக்குச் சமன் வட்டியே போதும். கூடவே கீழே இருக்கும் அந்த 3.47-க்கும் ஒரு பெயர் கொடுங்கள். எங்கள் விரிதாளில் பிழை நேர்ந்ததே அந்த இடத்தில்தான்.

கயல்விழி எழுதியது:

முதலில் வரும் இடத்தில் ‘சமன்செய் வட்டி’ என்றும், அதன் பிறகு சுருக்கமாகச் ‘சமன் வட்டி’ என்றும் எழுதிப் பார்க்கிறேன். 3.47-க்கு ‘காரணிக் கூட்டு’ என்று எழுதியிருந்தேன். சிவநேசன் சொன்னதைப் படித்த பிறகு அது ஆபத்தாகப் படுகிறது, காரணிகளை வெறுமனே கூட்டச் சொல்வது போல இருக்கிறது. ஆண்டுக்கு 1 ரூபாய் வீதம் தருவதன் இன்றைய மதிப்பு அது என்பதால் ‘தவணை மதிப்பு’ என்று மாற்றலாமா?

தமயந்தி எழுதியது:

‘தவணை மதிப்பு’ என்றால் ஒரு தவணையின் மதிப்பு என்று படிக்க இடம் இருக்கிறது. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, யோசிப்போம்.

கயல்விழி, அத்தியாயத்தில் ஓர் எல்லையையும் சேர்த்துவிடுங்கள். மேலே 1 கழித்தல் D4 என்று சுருங்குவது, வட்டியைக் கணக்கிடும் காரணிகளும் கழிவு செய்யும் காரணிகளும் ஒரே வரிசையாக இருந்தால்தான். 2008 நெருக்கடிக்குப் பிறகு, வங்கிகள் தமக்குள் கடன் கொடுப்பதற்கான லைபார் வட்டிக்கு ஒரு வரிசை, பிணைப்பணத்துக்குத் தரும் ஒருநாள் வட்டியைக் கொண்டு கழிவு செய்ய வேறொரு வரிசை என்று இரண்டாகப் பிரிந்தது. அப்போது ஒவ்வோர் ஆண்டின் வட்டியையும் தனித்தனியே காரணியால் பெருக்கிக் கூட்டும் நீண்ட வழிதான் செல்லும். டாலர் லைபார் 2023 ஜூனில் முடிந்து, சோஃபர் போன்ற ஒருநாள் வட்டிகள் அந்த இடத்துக்கு வந்த பிறகு, ஒரே வரிசைக் கணக்கு மீண்டும் பெரும்பாலும் பொருந்துகிறது. மாறும் பக்கம் ஒரு வட்டியாகவும் கழிவு வேறொரு வட்டியாகவும் இருக்கும் ஒப்பந்தம் கைக்கு வந்தால் சுருக்க வழியைத் தொட வேண்டாம்.

முருகவேல் எழுதியது:

அப்படியானால் அந்த நீண்ட வழியில் என் ‘சராசரி’ திரும்பி வருகிறதே, எடையோடு! பெயராக வேண்டாம், விளக்கத்தில் ஒரு வரியாகவாவது இருக்கட்டும். 3.47-க்கு ‘எடைத்தொகை’ என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. பின்னத்தோடு பெருக்கிய பிறகுதான் எடை ஆகிறது, எனவே சிவநேசனின் பிழைக்கும் அதில் இடமில்லை. அரங்கநாதன் ஐயா என்ன சொல்கிறீர்கள்?