டயோடுக்குள் 0.7 வோல்ட் இருக்குன்னா மல்டிமீட்டர் ஏன் பூஜ்யம் காட்டுது?

வேலந்தாவளம் மாணவி:
வணக்கம்ங்க. பாலக்காடு பக்கம் பி.எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். வகுப்புல பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். வீட்டுல வந்து தமிழ்ல யோசிச்சுப் பார்த்தா ரெண்டு இடத்துல முட்டுது.

ஒண்ணு, p பக்கம் 10¹⁷, n பக்கம் 10¹⁵ (எல்லாம் ஒரு கன சென்டிமீட்டருக்கு), ni 10¹⁰, 300 கெல்வின். பில்ட்-இன் பொட்டென்ஷியல் 0.71 வோல்ட்னு புத்தகத்துல விடை இருக்கு. எனக்கு 0.31தான் வருது. kT/q-க்கு 0.02585 போட்டேன், அதுல தப்பில்லை.

ரெண்டு, லேப்ல ஒரு 1N4007-ஐ எடுத்து மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வெச்சுப் பார்த்தேன். 0.0. கால்களை மாத்தி வெச்சாலும் அதேதான். உள்ளுக்குள்ள 0.7 இருந்தா வெளியில ஏன் வரலை?

சித்தூர் சர்வீஸ்:
மீட்டரைத் தப்பான இடத்துல வெச்சிருக்கீங்க தங்கச்சி. டயோடு குறி போட்ட இடத்துக்குத் திருப்புங்க, 0.5, 0.6-னு காட்டும். அதுதான் நீங்க கேக்கற வோல்ட்டேஜ். கடையில தினம் பார்க்கறதுதான்.

கொழிஞ்சாம்பாறை தோப்பு:
பூஜ்யம் எல்லாம் இல்லைங்க. எங்க தென்னந்தோப்பு மோட்டாருக்கு சோலார் பேனல் போட்டிருக்கேன். அதுவும் டயோடுதான்னு மாட்ட வந்த பையன் சொன்னான். வெயில்ல வோல்ட்டேஜ் நல்லாவே வருது. சாயங்காலம் மட்டும் மோட்டார் திணறுது. அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.

வாளையார் லேப்காரர்:
கண்ணு, முதல்ல கணக்கைப் பார்ப்போம். கால்குலேட்டர்ல `log` அழுத்தியிருக்கே, `ln` அழுத்தணும். சூத்திரம் இது:

```
Vbi = (kT/q) · ln(NA·ND / ni²)
    = 0.02585 × ln(10^32 / 10^20)
    = 0.02585 × 27.63 = 0.714 V
```

`log` போட்டா 12 வரும். 12 × 0.02585 = 0.31, உன் விடை. ஆனா பொத்தானை மாத்தறதோட விட்டுடாதே, அந்த 12 எங்கிருந்து வந்ததுன்னு பாரு.

n பக்கம் எலக்ட்ரான் 10¹⁵. p பக்கத்துலயும் எலக்ட்ரான் உண்டு, ni²-ஐ 10¹⁷-ஆல வகுத்தா வெறும் 1000. ஆக, ரெண்டு பக்கத்துக்கும் 10¹² மடங்கு வித்தியாசம். ரெண்டும் ஒட்டின உடனே எலக்ட்ரான் p பக்கம் பரவும், ஹோல் n பக்கம் பரவும். பரவினது போனா, அது விட்டுட்டு வந்த அணு நகர முடியாம அங்கேயே நிக்கும். n ஓரத்துல பாஸ்பரஸ் நேர் மின்னோட, p ஓரத்துல போரான் எதிர் மின்னோட. இந்த ரெண்டு வரிசைக்கும் நடுவுல உண்டாகற மின்புலம் அடுத்து வர்ற எலக்ட்ரானைத் திருப்பித் தள்ளும். பரவி வர்ற அளவும் தள்ளப்பட்டுப் போற அளவும் சமமாகற இடத்துல நிகர ஓட்டம் நிக்கும். நடமாடற மின்சுமை கிட்டத்தட்ட காலியாகி நிக்கற அந்த இடம்தான் டிப்ளீஷன் பகுதி.

அந்த நிலையில ஒவ்வொரு பத்து மடங்கு வித்தியாசத்தையும் தாங்கி நிறுத்த 300 கெல்வின்ல சுமார் 59.5 மில்லிவோல்ட் வேணும். இங்க பன்னிரண்டு பத்து மடங்கு. 12 × 59.5 = 714 மில்லிவோல்ட். அதாவது `log` போட்டாலும் சரிதான், கூட 2.303-ஆல பெருக்கியிருக்கணும்.

பகுதியோட அகலமும் போட்டுப் பாரு, இதே எண்களுக்கு மொத்தம் ஏறக்குறைய 0.97 மைக்ரான் வரும். அதுல p பக்கம் நூத்துல ஒரு பங்குதான். ரெண்டு பக்கமும் மின்சுமை சமமா இருக்கணும், அதனால அணு குறைவா கலந்த பக்கம் அகலமா காலியாகும்.

வேலந்தாவளம் மாணவி:
மாமா, கணக்கு புரிஞ்சுது. அப்ப மீட்டர்? சித்தூர் அண்ணன் சொன்ன மாதிரி டயோடு குறியில வெச்சேன், 0.57 காட்டுச்சு. அது 0.71 இல்லையே.

வாளையார் லேப்காரர்:
டயோடு குறியில மீட்டர் தானே ஒரு சின்ன கரண்ட்டை உள்ள விடுது, பெரும்பாலும் ஒரு மில்லியாம்பியர் அளவு. அந்தக் கரண்ட்டுக்கு ஆகற வோல்ட்டேஜைத்தான் காட்டுது. கரண்ட்டைப் பத்து மடங்கு கூட்டினா அது அறுபது மில்லிவோல்ட்டோ அதுக்கு மேலயோ ஏறும். பில்ட்-இன் பொட்டென்ஷியல் கரண்ட்டைப் பொறுத்து மாறாது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணா இருக்கறதாலதான் இத்தனை பேர் ஒண்ணுன்னு நினைக்கறாங்க. அப்புறம் புத்தகக் கணக்குல இருக்கற 10¹⁷-ம் 10¹⁵-ம் உன் கையில இருக்கற 1N4007-க்குச் சொன்னதில்லை. அதோட டேட்டாஷீட்ல டோப்பிங் அளவே இருக்காது.

சும்மா இருக்கற டயோடு பூஜ்யம் காட்டறதுக்குக் காரணம், மீட்டரோட செம்புக் கம்பியும் இந்தச் சுற்றுல சேருதுங்கறதுதான். டயோடோட ரெண்டு முனையிலும் உலோகம் சிலிக்கானைத் தொடுது. அந்த ரெண்டு தொடுகையிலும் தனித்தனியா ஒரு மின்னழுத்தத் தாவல் இருக்கு. ஜங்ஷன்ல ஏறின 0.714-ஐ அந்த ரெண்டும் சேர்ந்து அப்படியே இறக்கிடும். எல்லாம் ஒரே வெப்பநிலையில, வெளிச்சம் படாம இருந்தா ஃபெர்மி மட்டம் இந்த முனையில இருந்து அந்த முனை வரை ஒரே உயரம். மீட்டருக்குத் தெரியறது அந்த மட்டத்தோட வித்தியாசம் மட்டும்தான். மீட்டர் 0.7 காட்டினா அந்த டயோடை வெச்சு பேட்டரி இல்லாமலே காலத்துக்கும் விளக்கு எரிக்கலாம், அறைச் சூட்டையே உறிஞ்சிக்கிட்டு. வெப்ப இயக்கவியல் அதை விடாது.

தோப்புக்காரரே, உங்க பேனல்ல வெளிச்சம் விழுது, அதனால சமநிலை கலைஞ்சு வோல்ட்டேஜ் வெளியில வருது. சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சா கரண்ட் குறையும், மோட்டார் திணறத்தான் செய்யும். அதுக்குத் தனியா ஒரு இழை போடுங்க. மாணவி, கண்ணாடி உடம்பு 1N4148 கிடைச்சா வெயில்ல வெச்சு அளந்து பாரு, பூஜ்யத்தைத் தாண்டும். கறுப்பு பிளாஸ்டிக் 1N4007-க்கு அந்த வேலை நடக்காது.

சித்தூர் சர்வீஸ்:
சரி சார், நான் சொன்னது வேற வோல்ட்டேஜ்னே வெச்சுக்குங்க. ஆனா சூடு ஏறினா டயோடு குறியில எண் இறங்குது, அது கடையில பார்த்தது. சூத்திரத்துல T மேல நிக்குது, அப்ப ஏறத்தானே வேணும்?

வாளையார் லேப்காரர்:
நல்ல கேள்வி தம்பி. ni-யும் சூட்டோட ஏறுது, அதுவும் வேகமா. நம்ம ஊர் மார்ச் வெயில் 40 டிகிரின்னு, 313 கெல்வின் வெச்சுப் பாருங்க. kT/q 0.02697 ஆகும், ni ஏறக்குறைய 2.8 × 10¹⁰. ln-க்குள்ள இருக்கறது 1.28 × 10¹¹ ஆகுது, அதோட ln 25.57. பெருக்கினா 0.69 வோல்ட். T கொஞ்சம் தூக்குது, ni² அதைவிட அதிகமா இழுத்துடுது. டிகிரிக்கு ஏறத்தாழ ரெண்டு மில்லிவோல்ட் இறக்கம். நீங்க கடையில பார்க்கற இறக்கத்துக்கும் அடிப்படைக் காரணம் ni-தான்.

நகரி எம்.எஸ்சி:
குறுக்க வர்றேன். நான் ஆந்திரா எல்லைப் பக்கம், நகரி. தங்கச்சிக்கு உண்மையிலேயே அளக்கணும்னா மில்லிவோல்ட் மீட்டர் வேண்டாம், கெபாசிட்டன்ஸ் எடுக்கணும். ரிவர்ஸ்ல 0-ல இருந்து 10 வோல்ட் வரை ஏத்தி, ஒவ்வொண்ணுக்கும் C அளந்து 1/C²-ஐ வோல்ட்டேஜுக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரும். அதை ஃபார்வர்ட் பக்கம் நீட்டினா அச்சை வெட்டற இடம்தான் Vbi.

வாளையார் லேப்காரர்:
வெட்டற இடம் Vbi-யை விட 2kT/q குறைவு, அதனால 0.05 கூட்டிக்கணும். அதைவிடப் பெரிய சிக்கல், நேர்கோடு வரணும்னா ஜங்ஷன் சட்டுனு மாறறதா இருக்கணும். 1N4007 மாதிரி டயோடுல டோப்பிங் படிப்படியா மாறலாம், அப்ப கோடு வளையும்.

நகரி எம்.எஸ்சி:
அப்படின்னா 1/C³ வரையணும், அதுதான் நேராகும்.

வாளையார் லேப்காரர்:
சரிவு முழுக்க ஒரே சீரா இருந்தா மட்டும். ரிவர்ஸ் ஏற ஏற ஓரம் சரிவைத் தாண்டி சீரான பகுதிக்குள்ள போயிடும், அங்க 1/C² பக்கம் திரும்பும். ரெண்டையும் வரைஞ்சு பார்க்காம எதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

வேலந்தாவளம் மாணவி:
எங்க லேப்ல LCR மீட்டர் ஒண்ணு இருக்குங்க, ஆனா DC பயாஸ் கொடுக்கற வசதி அதுல இல்லை. வெளியில இருந்து பேட்டரி வெச்சுக் கொடுத்தா மீட்டர் கெட்டுப்போகுமா?

நகரி எம்.எஸ்சி:
நேரா கொடுக்காதீங்க. மீட்டருக்கும் டயோடுக்கும் நடுவுல டயோடோட கெபாசிட்டன்ஸை விட பல மடங்கு பெரிய ஒரு கெபாசிட்டர், ஒரு மைக்ரோஃபாரட் போதும். பேட்டரியை ஒரு மெகாஓம் வழியா டயோடுக்குக் கொடுங்க. கேதோடு பேட்டரியோட பாசிட்டிவ்ல வரணும். அளக்கற சிக்னலை 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழ வைக்க முடியுமான்னு மீட்டர்ல பாருங்க, ஒரு வோல்ட்ல அளக்கற மீட்டர்னா பூஜ்யத்துக்குப் பக்கத்துப் புள்ளிகளை நம்பாதீங்க.