செப்டிக் டாங்க்: உள்வரும் துளையும் வெளிபோகும் துளையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டார் பாஸ், இனி என்ன செய்வது?

வெல்லம்பிட்டிக்காரன்

வணக்கம். ஏழு பேர்ச் காணி. 2016 வெள்ளத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு பழைய வீட்டை உடைத்து, தரையை வளவிலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டுகிறோம். வீட்டில் ஏழு பேர். கொமட் இரண்டும் கீழ்த்தட்டில்தான். குளியலறை, குசினித் தண்ணீருக்கு வேறு குழாய்.

செப்டிக் டாங்க் சுவர் எழும்பிவிட்டது. உள் அளவு நீளம் 7 அடி, அகலம் 3 அடி, உயரம் 5 அடி. நடுவே ஒரு தடுப்புச் சுவர். கொமட்டிலிருந்து டாங்க் 22 அடி தூரம், அதற்குள் 9 அங்குலம் சாய்வு விட்டிருக்கிறார் பாஸ். நேற்று டியூப் லெவல் பிடித்துப் பார்த்தேன். குழாய் உள்ளே வரும் துளையும் சோக்கேஜ் பிட்டுக்குப் போகும் துளையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, அடியிலிருந்து சரியாக 4 அடி. கேட்டால் "தண்ணி தன்பாட்டில் போகும் மாத்தயா" என்கிறார். சோக்கேஜ் பிட் இன்னும் வெட்டவில்லை. 6 அடி ஆழம் போதும் என்கிறார்.

டாங்க் அளவு போதுமா? துளையை உடைக்க வேண்டுமா? சிலாப் போடுவதற்கு முன் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, எதற்குக் குழி? சபைக்கு எழுதிக் கொடுத்தால் ரோட்டுக் குழாயில் இணைத்துவிடுவார்களே. எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து குழி என்ற பேச்சே இல்லை.

வெல்லம்பிட்டிக்காரன்

அக்கா, அந்தக் கொடுப்பினை உங்கள் பக்கத்துக்குத்தான். எங்கள் ஒழுங்கையில் கழிவுக் குழாய் இல்லை, மழைத்தண்ணீர்க் கான் மட்டும்தான்.

தெஹிவளை ரவுண்ட்

டாங்க் சின்னது. இன்னும் 3 அடி நீட்டுங்கள். தண்ணீர் மட்டம் மேலே இருக்கிற இடத்தில் பிட் வேலை செய்யாது, அதனால் டாங்கைப் பெரிதாக்குவதுதான் வழி. நான் 10 அடி நீளத்துக்குக் கட்டி ஆறு வருசம், ஒரு தடவைதான் கலி பவுசர் வந்தது.

பழைய டி.ஓ.

முப்பது வருசம் இந்த வேலையில் இருந்தவன், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

முதலில் அளவு. டாங்கின் உயரம் 5 அடி என்றாலும் தண்ணீர் நிற்பது வெளிபோகும் குழாயின் அடிவிளிம்பு வரைதான். ஆகவே 7 × 3 × 4 = 84 கன அடி, ஏறத்தாழ 2,380 லீற்றர். ஏழு பேரின் கொமட் தண்ணீரை ஆளுக்கு 50 லீற்றர் என்று வைத்தால் நாளைக்கு 350. அது ஒரு நாள் முழுக்க உள்ளே அசையாமல் நிற்க இடம் வேண்டும். அடியில் படியும் சேற்றுக்கு ஆளுக்கு வருசத்துக்கு 40 லீற்றர் என்று கணக்கிட்டால் மூன்று வருசத்தில் 840. இரண்டையும் கூட்டினால் 1,190தான். மேலே மிதக்கும் ஏட்டுக்கும் தாராளமாக மிச்சம் இருக்கிறது. அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளமும் இருக்கிறது. டாங்கைத் தொட வேண்டாம். தடுப்புச் சுவர் மட்டும் நட்டநடுவில் இருந்தால் சரியில்லை. சேறு விழுவது முதல் அறையில்தான், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 அடி 8 அங்குலம் கொடுங்கள்.

தெஹிவளைத் தம்பி சொல்வதில் பாதி சரி. பெரிய டாங்க் என்றால் பவுசர் வரும் இடைவெளி கூடும். ஆனால் நிரம்பிய டாங்குக்குள் இன்று 350 லீற்றர் போனால் இன்றே 350 லீற்றர் வெளியே வரும், டாங்க் பத்தடியானாலும் இருபதடியானாலும். அந்தத் தண்ணீரை மண்தான் குடிக்க வேண்டும்.

அடுத்தது துளை. ஒரே மட்டத்தில் விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? டாங்க் நிரம்பிய நாளிலிருந்து உள்வரும் குழாயின் வாயில் தண்ணீர் நக்கிக்கொண்டே நிற்கும். ஏடு கொஞ்சம் தடித்தால் அது குழாய்க்குள் ஏறும், காகிதமும் கழிவும் அந்த இடத்திலேயே தங்கும். ஒரு வருசம் ஒன்றும் தெரியாது. பிறகு கொமட் மெதுவாக இறங்கும், குளுகுளு என்று சத்தம் போடும். உள்வரும் குழாயின் அடி, வெளிபோகும் குழாயின் அடியைவிட 3 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும்.

உங்கள் பாஸ் வெளிபோகும் துளையை 3 அங்குலம் கீழே இறக்குகிறேன் என்பார், அதுதான் அவருக்கு லேசான வேலை. விடாதீர்கள். உங்கள் ஊரில் அந்த 3 அங்குலம் பொன். உள்வரும் துளையை மேலே ஏற்றுங்கள். 22 அடி என்பது 264 அங்குலம். அதில் 9 அங்குலம் விட்டால் 29க்கு ஒன்று, தேவைக்கு மேல். 3 அங்குலம் எடுத்தாலும் 6 மிச்சம், 44க்கு ஒன்று. நாலு அங்குலக் குழாய்க்கு அது நல்ல சாய்வு. குழாய் முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சரிய வேண்டும், வயிறு தொங்கக் கூடாது.

இனி பிட். உங்கள் வளவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எவ்வளவுக்கு வருகிறது? பக்கத்தில் கிணறு உண்டா? ஓர் அடிச் சதுரத்தில் ஓர் அடி ஆழக் குழி வெட்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, காலையில் 6 அங்குலத்துக்கு நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மண் போட்டு நிரப்பிய இடத்தில் வேண்டாம், பழைய மண்ணில்.

மட்டக்குளி மச்சான்

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். எங்கள் டாங்க் மூன்று வருசப் பழசு, கீழ்க் கொமட் அதே குளுகுளு. பவுசர் பிடித்து 10 நாள் ஓடியது, திரும்பவும் தொடங்கிவிட்டது. துளை மட்டம் சரியாகத்தான் இருக்கிறதாம். எங்கே பிழை?

பழைய டி.ஓ.

மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தலையை உள்ளே நீட்ட வேண்டாம், இறங்கவே வேண்டாம், அந்த வாயு ஆளையே கொல்லும். தண்ணீர் வெளிபோகும் குழாயின் அடியோடு நின்றால் பிழை உள்வரும் பக்கத்தில். அதற்கு மேலே ஏறி நின்றால் பிட் குடிக்கவில்லை, பவுசருக்குக் காசு கொடுத்துப் பலனில்லை. பத்து நாள் ஓடியதென்றால் காலி டாங்க் நிரம்ப எடுத்த நாட்கள்தான் அவை என்று படுகிறது.

மட்டக்குளி மச்சான்

பார்த்தேன். வெளிபோகும் குழாய் முழுக்க மூழ்கிக் கிடக்கிறது. பிட்தான் போல.

வெல்லம்பிட்டிக்காரன்

ஐயா, பார்த்துவிட்டேன். ஓர் அங்குலம் இறங்க 16 நிமிடம். பக்கத்து வீட்டுக் கிணற்றில் கார்த்திகை மழைக்குத் தரையிலிருந்து மூன்றரை அடிக்குத் தண்ணீர் வரும் என்கிறார்கள். இப்போது 6 அடியில் நிற்கிறது. பிட்டுக்கு நினைத்த இடத்திலிருந்து அந்தக் கிணறு 45 அடி. துளை இப்போது வளவுத் தரையிலிருந்து 6 அங்குலம் மேலே இருக்கிறது, தரையை உயர்த்திக் கட்டியதால்.

பாஸ் முதல் அறைக்குள் முழங்கை வளைவு ஒன்றைக் கீழ்நோக்கிப் போடப் பார்க்கிறார். டீ வடிவ மூட்டுப் போடச் சொன்னால் இரண்டும் ஒன்றுதானாம்.

பழைய டி.ஓ.

ஒன்றில்லை. முழங்கைக்கு மேல்வாய் இல்லை. ஏடு உள்ளே அடைத்தால் மேலிருந்து கம்பி விட்டுக் குத்த முடியாது, டாங்கின் வாயுவுக்கும் குழாய் வழியாக வென்ட் குழாய்க்கு ஏற வழியில்லை. டீ போட்டு மேல்வாயைத் திறந்தே விடுங்கள், சிலாப்புக்குக் கீழே இரண்டு அங்குலம் இடைவெளி இருக்கட்டும். கீழ்க்கால் தண்ணீருக்குள் ஓர் அடி முங்க வேண்டும். உங்கள் தண்ணீர் மட்டம் உள்வரும் குழாயின் அடிக்கு 3 அங்குலம் கீழே, ஆகவே அந்த அடியிலிருந்து அளந்தால் 15 அங்குலம். குழாயை வெறும் துளையோடு விட்டால் ஒவ்வொரு ஃபிளஷும் படிந்த சேற்றைக் கலக்கிவிடும், அது அப்படியே பிட்டுக்குப் போய் மண்ணின் கண்ணை அடைக்கும். வெளிபோகும் பக்கத்திலும் டீதான், கால் ஒன்றரை அடி. இரண்டு டீக்கும் நேர் மேலே சிலாப்பில் மூடி வையுங்கள். வென்ட் குழாயின் தலையில் நுளம்பு வலை கட்டுங்கள்.

பிட் பற்றி மனதைத் திடமாக்கிக்கொள்ளுங்கள். 6 அடி பிட் வேண்டாம், மழைக்காலத்தில் அதன் கீழ் இரண்டரை அடி நிலத்தடித் தண்ணீருக்குள் நிற்கும். 16 நிமிட மண் சதுர மீற்றருக்கு நாளைக்கு 50 லீற்றர் குடிக்கும் என்று வைக்கலாம். 350க்கு 7 சதுர மீற்றர், 75 சதுர அடி. ஆழத்துக்குப் பதில் பரப்பு: 15 அடி நீளம், 5 அடி அகலத்தில் மேட்டுப் படுக்கை. புல்லைச் செதுக்கி, சல்லிக்கல் 6 அங்குலம் பரப்பி, அதன் மேல் துளை போட்ட குழாய் இரண்டு வரிசை, திரும்பச் சல்லி, துணி, மண். குழாய் தரைக்கு 4 அங்குலம் மேலே வரும், சல்லியின் அடி தரைக்கு 2 அங்குலம் கீழே. கார்த்திகைத் தண்ணீருக்கு மேலே மூன்றேகால் அடி மண் கிடைக்கும். பொன் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரியும். குளியலறைத் தண்ணீரை ஒருபோதும் இதற்குள் விடாதீர்கள், இரண்டு மடங்குக்கு மேல் பரப்புக் கேட்கும்.

சிலாப் போட்டதும் டாங்கைத் தண்ணீரால் நிரப்புங்கள். ஒரு நாள் மட்டம் இறங்காமல் நின்றால் ஒழுக்கு இல்லை. வெறுமையாக விட்டால் வெள்ளத்தில் டாங்க் மிதக்கவும் கூடும்.

கிணறு 60 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. 45 எனக்குப் பிடிக்கவில்லை.

தெஹிவளை ரவுண்ட்

அந்தக் கிணற்றில் குடிக்கிறார்களா? உடுப்புத் தோய்க்கத்தான் என்றால் பரவாயில்லையே.

பழைய டி.ஓ.

பைப் தண்ணீர் நின்ற நாளில் எதைக் குடிப்பார்கள் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

வெல்லம்பிட்டிக்காரன்

இன்று உள்வரும் துளையை உடைத்து 3 அங்குலம் ஏற்றிவிட்டோம். டியூப் லெவலில் நானே நின்று பார்த்தேன். தடுப்புச் சுவரும் நல்ல வேளை இரண்டு வரிசைக் கல்தான் வைத்திருந்தார், தள்ளிக் கட்டுகிறார். முழங்கையைக் கடையில் கொடுத்து டீ மாற்றியாயிற்று.

படுக்கையை வீட்டின் மற்றப் பக்கம் கொண்டுபோனால் கிணற்றுக்கு 58 அடி வருகிறது, ஆனால் கார் நிறுத்த இடமில்லை. படுக்கைக்கு மேல் கார் நிற்கலாமா?

பழைய டி.ஓ.

கூடாது. சக்கரம் மண்ணை இறுக்கிவிடும், பிறகு 16 நிமிடம் 60 ஆகும். 58ஐச் சபையின் ஆளிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள், நான் இங்கிருந்து சரி என்று சொல்ல மாட்டேன்.

வெல்லம்பிட்டிக்காரன்

காரா கிணறா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை, ஐயா. அதுவரை டாங்கில் தண்ணீர் நிரப்பிப் பார்க்கிறோம்.