புதுப்பிப்பு: மணிக்காக நாங்க செஞ்ச பெட்டி

முன்னாடி கேட்டது: "எங்க நாய் மணி செத்துப்போச்சு. ஏழு வயசு மகள் அழக்கூட இல்ல, பேசவும் மாட்டேங்குறா. அவளோட சேர்ந்து என்ன செய்யலாம்?"

குழந்தைகளோட வேலை பார்க்கிற அக்கா சொன்னபடி, ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை அவகிட்ட குடுத்தேன். உள்ள என்ன வைக்கணும்னு அவளே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன். கழுத்துப்பட்டை, கடிச்சுக் குதறின பந்து, சீப்புல சிக்கியிருந்த முடி, எல்லாம் உள்ள போச்சு.

அப்புறம் ஒரு படம் வரைஞ்சா. மணிக்கு அவ கிரீம் பிஸ்கெட் குடுக்கிற படம். மெதுவா கேட்டா: "அப்பா, இதனாலயா செத்துச்சு?" அவ வாயடைச்சுக் கிடந்ததே இதனாலதான். இந்த வயசுல தன் செயலாலதான் நடந்துச்சுன்னு நினைச்சுக்குவாங்கன்னு அந்த அக்கா முன்னமே எழுதியிருந்தாங்க. "இல்லடா. வயசாகி மணியோட கிட்னி வேலை செய்யாமப் போச்சு. நீ குடுத்த பிஸ்கெட்டால இல்ல"ன்னேன். அப்பதான் அழுதா.

"தூங்கிடுச்சுன்னு சொல்லுங்க, சாமான்களை மறைச்சிடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னார். மணியோட சாப்பாட்டுத் தட்டை எடுத்து வச்சது நல்லதுதான், அதை அவகிட்ட கேட்டே செஞ்சோம். ஆனா தூங்கிடுச்சுன்னு சொன்னா, ராத்திரி கண்ணை மூடவே பயப்படுவா. காணாமப்போன பூனையைப் பத்தி எழுதின நண்பருக்கு: திரும்பி வருமான்னே தெரியாத இடத்துல இந்தப் பெட்டி பொருந்துமான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

இப்போ சாப்பிடுறா. புது நாய்க்குட்டி பேச்சை மட்டும் யாரும் எடுக்கக்கூடாதாம்.