புதுப்பிப்பு: காணாமல் போன ஸ்டிக்கர் பேக் திரும்ப வந்துவிட்டது

நான் கேட்டது: "ஒரு ஸ்டிக்கர் செயலியில் பாட்டி படங்களை ஸ்டிக்கராக்கி வாட்ஸ்அப்பில் சேர்த்தேன். இரண்டே நாளில் காணோம். இறக்கி வைத்த பேக்கும் சேர்ந்து போய்விட்டது. ஏன்?"

உதவிய எல்லாருக்கும் நன்றி. பலித்தது பட்டர்வொர்த் அண்ணன் சொன்னதுதான். ஆண்ட்ராய்டில் இப்படிச் சேர்க்கும் பேக், அதைத் தந்த செயலிக்குள்ளேயே இருக்கிறதாம். வாட்ஸ்அப் அங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது. பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்தால் பேக்கும் மறைந்துவிடும். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் Battery பகுதியை Unrestricted என்று மாற்றி, பேக்கை மறுபடி சேர்த்தேன். பத்து நாளாக அப்படியே இருக்கிறது.

"அந்தச் செயலியை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்ற தங்கச்சி பாதி சரி. இறக்கிய பேக் வந்தது, மறுநாளே போனது. அழித்ததில் நான் வெட்டி வைத்த படங்களும் போயின. தோட்டத்தில் பால்வாளியோடு நிற்கும் பாட்டியை, முந்தானை ஓரமாக விரலால் மறுபடி வெட்ட அரை மணி நேரம் ஆனது.

எதிர்பாராத ஒன்று: புதுப் பேக்கில் இரண்டே படம் இருந்ததால் அது சேரவே இல்லை. குறைந்தது 3 வேண்டும், 30க்கு மேல் போகக்கூடாது. சரி என்று லயத்து நாயையும் சேர்த்தேன், ஏற்றுக்கொண்டது. அசையும் ஸ்டிக்கரை அசையாததோடு ஒரே பேக்கில் கலக்கவும் முடியாது.

கல்யாண ஸ்டிக்கர் அச்சடிக்க விலை கேட்ட ஐயா, இது அந்த ஸ்டிக்கர் இல்லை!

அக்கா கைப்பேசியிலும் அதே பேட்டரி சேமிப்புதான். அவருக்கு மட்டும் ஏன் எதுவும் மறையவில்லை என்பது இன்னும் புரியவில்லை.